முழுக்கக் கருப்பு உடை: மடிப்பும் தையலும் படத்தில் தெரிய என்ன வழி?

கருந்துகில் · ஜனவரி 4, இரவு 9:40

நின்ற நிலையில் முழு உருவப் படம். ஆள் போட்டிருப்பது கருப்புக் கம்பளி கோட், உள்ளே கருப்புப் பருத்திச் சட்டை, கீழே கருப்புக் கால்சட்டை. பின்னணி நடுச் சாம்பல் காகிதம். முன்னால் 45 டிகிரியில் பெரிய ஆக்டா சாஃப்ட்பாக்ஸ், எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மோகோல். முகம் அருமையாக வருகிறது. கழுத்துக்குக் கீழே ஒரே கருப்புத் திட்டு. கோட்டின் காலர் எங்கே முடிகிறது, சட்டை எங்கே தொடங்குகிறது, கை எது, உடம்பு எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஷேடோ ஸ்லைடரை ஏற்றினால் கருப்பு சாம்பலாகிறது, கூடவே புள்ளி புள்ளியாக இரைச்சல். மடிப்பு மட்டும் வரவில்லை. அதனால் எனக்குத் தோன்றுவது இதுதான்: இது வெளிச்சம் போதாத பிரச்சினையே இல்லை. துணியின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே வித்தியாசமே பதிவாகவில்லை. பதிவாகாத வித்தியாசத்தை எந்த ஸ்லைடரும் கொண்டுவராது.

அந்த வித்தியாசத்தைப் படம் எடுக்கும்போதே உண்டாக்குவது எப்படி? முகத்தைக் கெடுக்காமல்.

பிக்சல் பித்தன் · ஜனவரி 4, இரவு 10:15

எக்ஸ்போஷரை வலப்பக்கம் தள்ளுங்கள். முகம் வெடிக்காத அளவுக்கு ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் கூட்டி ராவில் எடுங்கள், அப்புறம் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்ளலாம். 14 பிட் ரா கோப்பில் மொத்தம் 16384 படிகள். அதில் பாதி மிகப் பிரகாசமான ஒரே ஸ்டாப்புக்குப் போய்விடுகிறது. நீங்கள் கருப்பைக் கடைசிப் படிகளில் வைத்தால் மடிப்புக்கு என்ன மிஞ்சும்?

கருந்துகில் · ஜனவரி 5, காலை 7:05

செய்து பார்த்தேன். இரைச்சல் போனது, அது உண்மை. கோட் சுத்தமான, வழவழப்பான, தட்டையான கருப்பாக வந்தது. மடிப்பு அப்படியே காணோம்.

பழைய பல்பு · ஜனவரி 5, மதியம் 1:30

கேள்வி கேட்டவர் பாதி விடையையும் சேர்த்தே சொல்லிவிட்டார். மீதியை நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

துணியிலிருந்து ஒளி இரண்டு விதமாகத் திரும்பி வருகிறது. ஒன்று, இழைக்குள் புகுந்து சாயத்தைத் தொட்டுவிட்டு எல்லாத் திசையிலும் சிதறி வருவது. துணியின் நிறம் என்று நாம் சொல்வது அதைத்தான். கருப்புச் சாயம் இதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். சாதாரணக் கருப்புத் துணி விழுகிற ஒளியில் நூற்றுக்கு நான்கைந்து பங்கைத்தான் திருப்பித் தரும். நடுச் சாம்பல் அட்டை 18 பங்கு தருகிறது. அதாவது துணி அதைவிட இரண்டு ஸ்டாப் கீழே. நல்ல வெல்வெட் ஒரு பங்குகூடத் தராது, அது நான்கு ஸ்டாப்புக்கும் கீழே.

மற்றொன்று, இழையின் மேற்பரப்பிலேயே பட்டுத் தெறிப்பது. சாயத்துக்கு இதில் வேலையே இல்லை. வெள்ளைத் துணியிலும் கருப்புத் துணியிலும் இந்தப் பளபளப்பு கிட்டத்தட்ட ஒரே அளவுதான். வெள்ளைத் துணியில் சிதறி வரும் ஒளி இதை மூழ்கடித்துவிடுவதால் நம் கண்ணில் படுவதில்லை. கருப்பில் மூழ்கடிக்க ஒன்றும் இல்லை. அதனால் கருப்புத் துணியின் வடிவத்தை வரைவது முழுக்க முழுக்க இந்தப் பளபளப்புதான்.

சிதறும் ஒளிக்குத் திசை முக்கியமில்லை. தெறிக்கும் ஒளிக்குத் திசைதான் எல்லாம். வந்த கோணத்திலேயே எதிர்ப்பக்கம் போகும், படுக்கைவாட்டமாகப் பட்டால் இன்னும் வலுவாகத் தெறிக்கும். உங்கள் ஆக்டா கேமராப் பக்கத்திலிருந்து அடிக்கிறது. அந்த ஒளி கோட்டில் பட்டு விளக்குப் பக்கமே திரும்பியோ, வேறு எங்கோ போயோ விடுகிறது, லென்ஸுக்கு வருவதில்லை. தெர்மோகோலும் முன்பக்கம்தான் நிற்கிறது. அது மேட்டையும் பள்ளத்தையும் ஒரே மாதிரி தூக்கிவிட்டு இருக்கிற வித்தியாசத்தையும் குறைக்கிறது.

இன்னொரு விளக்கை ஆளுக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால் தள்ளி வையுங்கள். கேமராவிலிருந்து ஆளைப் பார்க்கும் கோட்டை பூஜ்யம் என்று வைத்தால், 110 முதல் 130 டிகிரிக்குள் எங்கோ ஒரு இடம். எது சரியான இடம் என்று கணக்குப் போட வேண்டாம். கேமராவை ஸ்டாண்டில் வையுங்கள். நீங்கள் லென்ஸுக்குப் பக்கத்தில் கண்ணை வைத்துக்கொள்ளுங்கள், உதவியாளர் கையில் ஒரு டார்ச்சைக் கொடுத்து ஆளைச் சுற்றி மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். கோட்டின் மடிப்பு முதுகுகள் சட்டென்று கோடு கோடாக எழுந்து நிற்கும் இடம் ஒன்று வரும். விளக்கை அங்கே வையுங்கள்.

தம்பி பித்தன் சொன்னதில் ஒரு திருத்தம். கூட்டி எடுத்தால் நிழல் சுத்தமாவது சென்சாருக்கு அதிக ஒளி போய்ச் சேருவதால். படிகளின் எண்ணிக்கை பெரிய காரணம் இல்லை. எக்ஸ்போஷரைக் கூட்டினால் முகமும் கோட்டும் சேர்ந்தே ஏறும், மேடும் பள்ளமும் சேர்ந்தே ஏறும். விகிதம் மாறாது. விகிதத்தை மாற்றுவது கோணம் மட்டும்தான்.

மழைக்குருவி · ஜனவரி 5, மாலை 4:20

பின்னணி முழுக் கருப்பாக வர வேண்டும் என்றால் ஆளைப் பின்னணியிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் முன்னால் கொண்டுவாருங்கள். வெளிச்சம் பின்னால் சிந்தாது. நான் போனில் அப்படித்தான் எடுக்கிறேன், சூப்பராக வருகிறது.

மழைக்குருவி · ஜனவரி 5, மாலை 4:45

மன்னிக்கவும், கேள்வி உடையைப் பற்றியதா? சரி, அப்படியானால் எனக்கும் அதே தொல்லை உண்டு. நான் தைத்த கருப்புச் சுருக்குப் பாவாடையைப் போனில் எடுத்தால் சுருக்கே தெரிவதில்லை. என்னிடம் விளக்கெல்லாம் கிடையாது, ஜன்னல்தான் உண்டு. ஜன்னலுக்கு நேர் எதிரே நிற்கவைத்து, ஜன்னல் என் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி எடுக்கிறேன்.

பழைய பல்பு · ஜனவரி 5, மாலை 5:10

அதுதான் காரணம். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அதுவும் முன்பக்க விளக்குதான். ஆளை ஜன்னலுக்குப் பக்கவாட்டில், ஜன்னலை விட்டு ஓரடி முன்னே தள்ளி நிற்கவையுங்கள். ஜன்னல் அவருக்குப் பக்கத்தில், சற்றே முதுகுப்புறம் வரும். நீங்கள் சுவரை ஒட்டி நின்று எடுங்கள். போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிப் பாவாடையைச் சாம்பலாக்கப் பார்க்கும். திரையில் முகத்தைத் தொட்டு, எக்ஸ்போஷரைப் பூட்டி, கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.

ஊசிமுனை · ஜனவரி 6, காலை 11:00

விளக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். துணியைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. நான் உடை அலங்காரம் செய்கிறவள். எனக்கு இந்த வேலை படப்பிடிப்புக்கு முந்தைய நாளே தொடங்கிவிடும்.

முழுக்கக் கருப்பு என்று சொன்னால் நான் ஒரே துணியில் மூன்று உருப்படி எடுக்க மாட்டேன். கோட், சட்டை, கால்சட்டை மூன்றும் மந்தமான துணியாக இருந்தால் எந்த விளக்கு வந்தாலும் அவை ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். மேலே மந்தமான கம்பளி என்றால் உள்ளே லேசாக மினுங்கும் சட்டை, கீழே நெசவு வரி சாய்வாகத் தெரியும் ட்வில். டக்சீடோவைப் பாருங்கள். உடம்பு மந்தமான கம்பளி, லேப்பல் சாட்டின், கால்சட்டையின் பக்கத் தையல் நெடுக ஒரு சாட்டின் பட்டை. கருப்பின் மேல் கருப்பை வைத்து விளிம்பு தெரியவைக்கும் வேலையைத் தையல்காரர்கள் எப்போதோ முடித்துவிட்டார்கள்.

தையல் தெரிய வேண்டும் என்றால் தையலுக்கு மேடு வேண்டும். உள்ளே மடித்து அழுத்தித் தேய்த்த தையல் படத்தில் வராது. மேல்தையல் போட்டு, இரண்டு பக்கமும் துணி லேசாக உப்பி நிற்கும்படி விட்டால் அந்த உப்பலில் ஒளி பிடிக்கும். தடித்த நூல் இன்னும் நல்லது. நூலும் கருப்பாகவே இருக்கலாம், ஆனால் பாலியஸ்டர் நூல் போடுங்கள். பருத்தித் துணியின் மேல் அதன் மினுக்கம் தனியாகத் தெரியும்.

அப்புறம் நிற்கும் விதம். கையை உடம்போடு ஒட்டிவைத்தால் அது உடம்பாகவே பதிவாகும். முழங்கையை ஒரு கைப்பிடி அளவு விலக்கி நிற்கச் சொல்லுங்கள், நடுவே பின்னணி தெரியட்டும். பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

பஞ்சும் தூசியும் பற்றி ஒரு வார்த்தை. பக்கவாட்டில் விளக்கு வைத்த நொடியிலிருந்து ஒவ்வொரு தூசியும் நட்சத்திரமாகத் தெரியும். ஒட்டும் ரோலர் இல்லாமல் போகாதீர்கள். நீராவி முதலில், ரோலர் கடைசியில்.

கருந்துகில் · ஜனவரி 8, இரவு 8:50

இன்று மறுபடி எடுத்தேன். முழு விவரம் போடுகிறேன், யாருக்காவது பயன்படும்.

முதலில் பழைய அமைப்பிலேயே ஸ்பாட் மீட்டரால் ஒவ்வொரு இடமாக அளந்தேன். ஆள் மாநிறத்தை விடக் கொஞ்சம் கருத்தவர், முகத்தின் வெளிச்சமான கன்னம் நடுச் சாம்பலுக்கு அரை ஸ்டாப் கீழே வந்தது. எனக்கு அது சரியாகவே இருந்தது, அவர் நிறம் அதுதான். கோட்டின் மேடு அதற்குக் கீழே மூன்று ஸ்டாப். பள்ளம் அந்த மேட்டுக்கு ஒரு ஸ்டாப்புக்கும் கொஞ்சம் கூடக் கீழே. எடிட்டரில் 0 முதல் 255 வரையிலான எண்ணாகப் பார்த்தால் மேடு 30, பள்ளம் 18. பெரும்பாலான திரைகளில் 18-க்கும் 30-க்கும் நடுவே கண்ணுக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாது. நான் பார்த்த கருப்புத் திட்டு இதுதான்.

அப்புறம் டார்ச் சோதனை. பல்பு அண்ணா சொன்ன மாதிரியே ஒரு இடத்தில் மடிப்பெல்லாம் எழுந்தது. என் கண்ணுக்கு அது கிட்டத்தட்ட 120 டிகிரி, உயரம் ஆளின் தலைக்குச் சற்று மேல். அங்கே 60க்கு 90 சென்டிமீட்டர் சாஃப்ட்பாக்ஸை நெட்டாக நிறுத்தினேன். ஆளிலிருந்து ஒன்றரை மீட்டர். முன் விளக்கைத் தொடவே இல்லை. தெர்மோகோலை எடுத்துவிட்டேன்.

முதல் படத்தில் காதும் தாடை ஓரமும் வெளுத்துப் போயின. விளக்குக்கும் தலைக்கும் நடுவே ஒரு கருப்புக் கட்டர் வைத்தேன், அதன் நிழல் கழுத்தோடு நிற்கும்படி. இப்போது பக்க விளக்கு தோளுக்குக் கீழே மட்டும் அடிக்கிறது.

மறுபடி அளந்தேன். முகம் மாறவில்லை. கோட்டின் மேடு நடுச் சாம்பலுக்கு ஒரு ஸ்டாப் கீழே வந்து நிற்கிறது. பள்ளம் கிட்டத்தட்ட முன்பிருந்த இடத்திலேயே. எண்ணில் மேடு 80, பள்ளம் 20. கோட்டின் முன் திறப்பு, பை மூடி, முழங்கை மடிப்பு, தோள் தையல் எல்லாம் தெரிகின்றன. ஸ்லைடர் எதையும் தொடவில்லை. படத்தைப் பார்ப்பவருக்குக் கோட் இன்னும் கருப்பாகத்தான் தெரிகிறது, அதுதான் எனக்கு மிகப் பெரிய சந்தோஷம். மேடு மட்டும் வெளிச்சமாக இருந்தால் கண் அதைச் சாம்பல் துணி என்று எடுத்துக்கொள்வதில்லை, கருப்புத் துணியில் படும் ஒளி என்றுதான் எடுத்துக்கொள்கிறது.

இரண்டு குறை மிச்சம். ஒன்று, கோட்டின் விளக்கு இல்லாத பக்கம் இன்னும் பின்னணியிலிருந்து மட்டும்தான் பிரிகிறது, உள்ளே ஒன்றும் தெரியவில்லை. இரண்டு, கை விரல்கள் பக்க விளக்கில் மாட்டி முகத்தை விட வெளிச்சமாக இருக்கின்றன. விரலுக்குக் கட்டர் வைத்தால் கோட்டின் ஓரமும் போய்விடுகிறது.

பிக்சல் பித்தன் · ஜனவரி 8, இரவு 9:30

நல்ல முன்னேற்றம்! தோளில் மட்டும் கொஞ்சம் வெள்ளை பூத்த மாதிரி இருக்கிறது. லென்ஸில் போலரைசர் போட்டுத் திருகினால் அது போய்விடும்.

பழைய பல்பு · ஜனவரி 8, இரவு 10:05

போய்விடும், கூடவே கோட்டும் போய்விடும். போலரைசர் வெட்டுவது மேற்பரப்பில் தெறித்து வரும் ஒளியை. நாம் பாடுபட்டுக் கொண்டுவந்ததே அந்த ஒளியைத்தான். திருகித் திருகிப் பாருங்கள், ஒரு இடத்தில் மடிப்பெல்லாம் அணைந்து பழைய திட்டு திரும்ப வரும். வேண்டுமானால் லெதர், சாட்டின் போன்றவற்றில் அளவுக்கு மீறிப் பளிச்சென்று அடிக்கும்போது பாதி திருகி நிறுத்தலாம். அங்கே தம்பி சொல்வது பொருந்தும். கம்பளிக் கோட்டுக்கு வேண்டாம்.

தோள் வெளுப்புக்குக் காரணம் விளக்கின் உயரம். கொஞ்சம் இறக்குங்கள். தோளின் மேல்பக்கம் வானத்தைப் பார்க்கிறது, உயரமான விளக்கு அங்கே தான் முதலில் தெறிக்கும்.

விரலுக்கு ஒரு வழி உண்டு. பக்க விளக்கைப் பின்னால் தள்ளுங்கள், கூடவே சற்றே பெரிய விளக்காக மாற்றுங்கள். தோலிலிருந்து வருவது பெரும்பாலும் சிதறும் ஒளி. விளக்கு தூரம் போனால் அது வேகமாகக் குறையும், தூரம் இரட்டித்தால் கால்பங்கு. தெறிக்கும் ஒளி அப்படி இல்லை. அது விளக்கின் முகத்துடைய பிரதிபலிப்பு, அந்த முகம் எவ்வளவு பிரகாசமோ அவ்வளவு பிரகாசமாகவே இருக்கும். எத்தனை தூரம் தள்ளினாலும் துணி பார்க்கிற இடத்தை விளக்கு நிரப்பி நிற்கும் வரை மினுக்கம் குறையாது. அதற்காகத்தான் பெரிய விளக்கு. சாட்டினில் இது அப்படியே நடக்கும். கம்பளியில் இழைகள் தாறுமாறாகக் கிடப்பதால் மினுக்கமும் கொஞ்சம் குறையும், ஆனால் விரல் அளவுக்குக் குறையாது.

ஊசிமுனை · ஜனவரி 9, காலை 10:20

அல்லது கையைக் கோட்டுப் பைக்குள் விடச் சொல்லலாம். பை மூடியும் விரிந்து கொடுக்கும், அங்கே இரண்டு மடிப்பு கூடுதலாகக் கிடைக்கும்.

கருந்துகில் · ஜனவரி 9, மாலை 6:40

அக்கா சொன்னது மிக எளிது, ஆனால் இந்த ஆள் செல்லோ வாசிக்கிறவர், கை தெரியத்தான் வேண்டும். விளக்கை மூன்று மீட்டருக்குத் தள்ளி, முன்னால் ஒன்றரை மீட்டர் உயர வெள்ளைத் துணிச் சட்டம் நிறுத்தினேன். துணியின் முகம் பழைய சாஃப்ட்பாக்ஸ் அளவுக்கே பிரகாசமாக வரும்வரை பவரைக் கூட்டினேன். விரல்கள் முகத்தோடு சமமாகிவிட்டன. மேடு 80-லிருந்து 66-க்கு இறங்கியது. பரவாயில்லை, இன்னும் எல்லாம் தெரிகிறது.

விளக்கில்லாத பக்கத்துக்கு இப்போது இரண்டு வழி யோசிக்கிறேன். அந்தப் பக்கத்திலும் அதே கோணத்தில் ஒரு விளக்கு, அல்லது வெறும் வெள்ளைத் தெர்மோகோல். பழைய தெர்மோகோல் முன்னால் நின்று கெடுத்தது. அதையே பின்பக்கம் கொண்டுபோய், சட்டகத்துக்கு வெளியே, கோட்டைப் பார்த்து நிறுத்தினால் கோட் அதைப் பிரதிபலிக்கும் அல்லவா? பக்க விளக்கின் சிந்தல் அதில் விழுகிறது.

பழைய பல்பு · ஜனவரி 9, இரவு 7:30

தெர்மோகோல்தான். இரண்டு பக்கமும் ஒரே பலத்தில் விளக்கு வைத்தால் உருவத்தைச் சுற்றிக் கோடு போட்ட மாதிரி ஆகிவிடும், நடுவில் மறுபடி இருட்டு. பலகை மங்கலாக இருப்பதால் அந்தப் பக்கம் மேடு 40 அளவில் நிற்கும். அதுவே போதும்.

ஓடும்படம் · ஜனவரி 11, காலை 8:15

இதே விளக்கு அமைப்பில் வீடியோ எடுக்கிறேன். என் பிரச்சினை வேறு: கோட் கருப்பாக வரவில்லை, கத்திரிப்பூ நிறத்துக்கும் பழுப்புக்கும் நடுவே ஏதோ நிறம். சட்டை கருப்பாகத்தான் இருக்கிறது. ஒயிட் பேலன்ஸ் மாற்றினால் சட்டை பச்சையாகிறது. வெளியே வெயிலில், பலமான என்டி ஃபில்டர் போட்டு எடுத்தது.

பழைய பல்பு · ஜனவரி 11, காலை 9:40

கோட் பாலியஸ்டர் கலந்ததாக இருக்கும். கருப்புச் சாயங்களில் பல, கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்கினாலும் அகச்சிவப்பைத் தாராளமாகத் திருப்பி அனுப்பும். செயற்கை இழைத் துணிகளில் இது சகஜம். சென்சார் அகச்சிவப்பைப் பார்க்கும். முன்னால் இருக்கும் கண்ணாடி அதைத் தடுத்தாலும் முழுக்கத் தடுப்பதில்லை. சாதாரண என்டி கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் குறைத்துவிட்டு அகச்சிவப்பை உள்ளே விடுகிறது, ஃபில்டரின் பலம் கூடக் கூட அதன் பங்கு கூடுகிறது. 2006-ல் வந்த லைக்கா எம்8 கேமராவில் கருப்புச் செயற்கைத் துணிகள் மஜந்தாவாக வந்ததும் இதே காரணத்தால்தான், லென்ஸில் மாட்டத் தனியாக ஃபில்டர் கொடுக்க வேண்டி வந்தது.

இரண்டு துணி இரண்டு நிறம் காட்டும்போது ஒயிட் பேலன்ஸ் உதவாது. அகச்சிவப்பையும் சேர்த்துத் தடுக்கும் என்டி வாங்குங்கள். அறைக்குள் எல்இடி விளக்கில் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது, அதில் அகச்சிவப்பு மிகக் குறைவு. வெயிலும் டங்ஸ்டனும்தான் எதிரி.

ஊசிமுனை · ஜனவரி 11, மதியம் 12:10

சாயம் பற்றிச் சொன்னதால் இதையும் சேர்க்கிறேன். கருப்பில் நீலம் ஓடும் கருப்பு, சிவப்பு ஓடும் கருப்பு, பச்சை ஓடும் கருப்பு எல்லாம் உண்டு. இருட்டில் ஒன்றாகத் தெரிவது பக்க விளக்கில் பிரிந்துவிடும். உருப்படிகளைச் சேர்த்து வைத்து ஜன்னல் ஓரத்தில் பார்க்காமல் நான் எதையும் அனுப்புவதில்லை.

கருந்துகில் · ஜனவரி 13, இரவு 11:15

தெர்மோகோல் வேலை செய்தது. விளக்கில்லாத பக்கம் கை பொருத்திய தையல் வரை தெரிகிறது.

இப்போது எனக்கு ஒரு மறுயோசனை. பள்ளங்கள் 20-ல் இருக்கின்றன. திரையில் பார்க்க அழகு. ஆனால் இதை மந்தமான காகிதத்தில் பெரிதாக அச்சிடப் போகிறார்கள். பளபளப்புக் காகிதம் தரும் அடர்த்தியான கருப்பை மந்தமான காகிதம் தராது. சோதனைக்கு 0, 5, 10, 15, 20, 25, 30 என்று கட்டங்கள் போட்டு அந்தக் காகிதத்திலேயே ஒரு துண்டு அச்சடித்தேன். 15-க்குக் கீழே எல்லாம் ஒரே கருப்பு. 20-க்கும் 25-க்கும் வித்தியாசம் உற்றுப் பார்த்தால்தான்.

அதனால் லென்ஸுக்கு மேலே மிக மெல்லிய ஒரு ஃபில் விளக்கு, முன் விளக்கை விட மூன்று ஸ்டாப் குறைவாக, வைத்துப் பள்ளத்தை 28-க்கு ஏற்றலாம் என்று நினைக்கிறேன். முன் ஒளி மடிப்பை வரையாது என்று தெரியும், ஆனால் வரைந்து முடித்த மடிப்பின் அடித்தளத்தை ஏற்றித் தரும்.

பழைய பல்பு · ஜனவரி 14, காலை 6:50

வேண்டாம் என்பேன். பள்ளம் கருப்பாக இருப்பதால்தான் மேடு மேடாகத் தெரிகிறது. பள்ளத்தை ஏற்றினால் கோட் பழைய துணி போல வெளிறும். காகிதம் எங்கே அடைக்கிறதோ அங்கே அடைக்கட்டும். மடிப்பின் உள்ளே தெரிய என்ன இருக்கிறது?

ஊசிமுனை · ஜனவரி 14, காலை 9:30

என்ன இருக்கிறதா? கோட்டின் பக்கத் தையல் அந்தப் பள்ளத்துக்குள்தான் ஓடுகிறது! கை பொருத்திய இடமும் அங்கேதான். முகப் படம் என்றால் பல்பு அண்ணா சொல்வது சரி. உடையைக் காட்டும் படம் என்றால் எனக்கு அது வேண்டும்.

பிக்சல் பித்தன் · ஜனவரி 14, மதியம் 2:00

ஃபில் வைக்காமல், அச்சுக்கான பிரதியில் மட்டும் கர்வின் அடிப்பகுதியை ஏற்றலாமே? திரைக்கு ஒன்று, காகிதத்துக்கு ஒன்று. எக்ஸ்போஷரைத் தாராளமாகக் கொடுத்திருந்தால் 20-ஐ 28 ஆக்குவதில் இரைச்சல் வராது.

பழைய பல்பு · ஜனவரி 14, மாலை 5:25

தம்பி, இது நல்ல யோசனை. அந்த எக்ஸ்போஷர் பேச்சு இங்கேதான் சரியாக உட்காருகிறது. பள்ளத்தில் பதிவு இருக்கிறது, ஏற்றினால் வரும்.

ஆனாலும் நான் ஏற்ற மாட்டேன்.

கருந்துகில் · ஜனவரி 14, இரவு 9:00

இரண்டு பிரதியும் அச்சடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறேன். ஊசிமுனை அக்காவின் பக்கம்தான் என் மனம் சாய்கிறது.

மழைக்குருவி · ஜனவரி 16, காலை 10:35

ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்து எடுத்தேன். சுருக்கு ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம் போலத் தெரிகிறது! இப்போது அடுத்த உருப்படி வெல்வெட் ரவிக்கை. அதே இடம், அதே ஜன்னல், ஆனால் பாதி ரவிக்கை இருட்டு, பாதி மினுக்கம், கறை பிடித்த மாதிரி இருக்கிறது. என்ன செய்ய?

ஊசிமுனை · ஜனவரி 16, காலை 11:50

கறை இல்லை, மயிர் திரும்பியிருக்கிறது. வெல்வெட்டில் இழை நுனிகள் நட்டுக்கொண்டு நிற்கின்றன. நுனி உங்களைப் பார்த்தால் ஒளி உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், இருட்டு. இழை சாய்ந்து பக்கவாட்டைக் காட்டினால் மினுங்கும். அதனால் வெல்வெட்டில் மடிப்பின் முதுகு இருட்டாகவும் ஓரங்கள் வெளிச்சமாகவும் வரும், மற்ற துணிகளுக்கு நேர் எதிர். நீராவி காட்டிவிட்டு மென்மையான பிரஷ்ஷால் முழு ரவிக்கையையும் மேலிருந்து கீழாக ஒரே திசையில் வாருங்கள். போட்டுக்கொண்ட பிறகு உட்கார வேண்டாம், கையால் தொடவும் வேண்டாம். வெட்டும்போதே துண்டுகள் ஒரே திசையில் வெட்டப்பட்டனவா என்று பாருங்கள். ஒரு துண்டு தலைகீழாக இருந்தால் எந்த பிரஷ்ஷும் அதைச் சரிசெய்யாது.

மழைக்குருவி · ஜனவரி 16, மதியம் 12:30

இடது கை மட்டும் வேறு நிறமாகத் தெரிவது அதனால்தானா? பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.